எழுத்துத் தெரியும், சொல் வராது

தீவகத்தின் இறுப்பிட்டியில் கடகம் தெரியாத பிள்ளை இல்லை. பனையோலையில் இழைத்த அந்தப் பெட்டி எந்த வீட்டுக் கோடியிலும் கிடக்கும். ஆனால் அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதி, தரம் 1 இல் இருக்கிற ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னால் இப்படி நடப்பதுண்டு.

"கானா… டானா… கானா… இம்."

"அப்ப என்ன சொல் அது?"

பிள்ளை எழுத்தைப் பார்க்காது, ஆசிரியையின் முகத்தைப் பார்க்கும். "படம், ரீச்சர்?"

நான்கு எழுத்தும் சரி. ஒன்றைக்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. சொல் மட்டும் வரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு "இன்னும் எழுத்துப் பிடிபடவில்லை" என்று முடிவுகட்டி, மறுபடியும் அரிச்சுவடியின் முதற் பக்கத்துக்கே கொண்டுபோவதுதான் வழக்கம். அந்தப் பிள்ளைக்குக் குறைவது எழுத்தறிவு அல்ல. எழுத்துகளின் ஒலிகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே மூச்சில் சொல்லாக்கும் வேலை அதற்குத் தெரியாது. அது தனியான ஒரு திறன். எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். சில பிள்ளைகளுக்கு வருகிறது. பலருக்கு ஒருவர் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது.

தடை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், முதலில் அகப்படுவது எழுத்துகளின் பெயர். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்று அம்மம்மா மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது பிள்ளையின் வாயில் நிற்கிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதியபடி சொன்னதும் அதுதான். எழுத்தை இனங்காட்டவும், வாயால் எழுத்துக்கூட்டி மற்றவருக்கு எழுதச் சொல்லவும் அந்தப் பெயர்கள் நல்ல வசதி. வாசிப்பதற்கு அவை உதவா. 'ம' என்ற எழுத்தின் ஒலி ஒரு மாத்திரை. 'மானா' என்ற பெயரில் அது நீண்டு, பின்னால் ஒரு 'னா' வேறு ஒட்டிக்கொள்கிறது. மானா, ரானா, இம் என்ற மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மரம் வராது. மெய்யெழுத்துக்கு முன்னால் நாம் போடும் 'இ' என்ற ஒலியும் அப்படித்தான். 'இம்' என்பது சொல்வதற்கு வசதியான பெயர், சேர்ப்பதற்கு ஆகாது. 'மர' என்பதோடு 'இம்' சேர்ந்தால் வருவது 'மரயிம்'.

அதனால் வாசிப்பு வேளையில் எழுத்தைக் காட்டினால் ஒலியை மட்டும் சொல்வது என்று வகுப்பில் வழக்கப்படுத்த வேண்டும். அம்மம்மாவின் பெயர்களைத் தடைசெய்யத் தேவையில்லை. "அது இந்த எழுத்தின்ர பேர். வாசிக்கேக்க என்ன சத்தம் போடும்?" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

இனித் தமிழ் எழுத்தின் அமைப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை வாசிக்கப் பிள்ளை மூன்று தனித்தனி ஒலிகளைச் சேர்க்க வேண்டும். அவற்றில் முதலும் கடைசியும் தனித்து ஒலிக்க முடியாத மெய்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒலிசேர்ப்புக் கற்பித்தலைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சுற்றியே எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து 'க்' 'அ' 'ட்' 'அ' என்று பிள்ளையைப் பிரிக்கச் சொல்வது வீண் வேலை. நமது 'க' ஏற்கெனவே முழு அசை, அதற்குள் அகரம் இருக்கிறது. 'பட' என்று எழுதினால் இரண்டு ஒலிகளைச் சொன்னாலே போதும், சொல் வந்துவிடும்.

ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒலி சேர்க்க வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று, உயிர்க்குறி ஒட்டும் இடம்: 'க' என்ற எழுத்தோடு அரவு சேர்ந்து 'கா' ஆவது. மற்றது, புள்ளி வைத்த மெய், தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டும் இடம்: 'ர', 'ம்' இரண்டும் 'ரம்' ஆவது. மொத்தம் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையையும் பெற்றோரையும் மலைக்க வைக்கிறோம். உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, குறிகள் 11, புள்ளி ஒன்று, ஆய்தம் ஒன்று. இவ்வளவுதான் கற்க வேண்டிய உருப்படிகள், மீதியெல்லாம் சேர்ப்பு. உகர ஊகாரங்கள் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007 இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். கன்னட எழுத்தும் தமிழைப் போல அசையெழுத்து. அந்தப் பிள்ளைகள் எழுத்துத் தொகுதியை முழுவதுமாகக் கைக்கொள்ள முதல் ஓராண்டு போதவில்லை, மூன்றாம் நான்காம் வகுப்புவரை அது நீண்டது. அசையைப் பிரித்துணர்வது முன்னரே வந்தது. அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரித்துணர்வது மெதுவாகத்தான் வந்தது. தமிழில் முதற்சேர்ப்பு எளிதாகவும், புள்ளியும் குறியும் கடினமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

புள்ளியை எடுத்துக்கொள்வோம், தரம் 1 இல் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். கடகத்தை நான்கு துண்டாகச் சொன்ன பிள்ளை, நான்காவது துண்டுக்கு வரும்போது முதல் துண்டை மறந்துவிடுகிறது. ஆறு வயது நினைவில் தொடர்பில்லாத ஒலிகள் நான்கு நெடுநேரம் நில்லா. அதனால்தான் கடைசி 'ம்' மட்டும் மனதில் நிற்க, 'ம்' இல் முடியும் தெரிந்த சொல் ஒன்று, படமோ மரமோ, வாயில் வந்துவிடுகிறது. அது கவனக்குறைவு அல்ல. பிள்ளை தன்னிடம் எஞ்சியிருந்த தகவலை வைத்துச் செய்யக்கூடிய மிக நல்ல ஊகம் அது.

இதற்கு மாற்று, சேர்த்துக்கொண்டே போவது. எழுத்துகளை மட்டையால் மூடிவைத்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 'க' திறந்ததும் 'க'. அடுத்ததைத் திறந்தால் 'ட' என்று தனியே சொல்லவிடாமல் 'கட'. பிறகு 'கடக'. கடைசியில் 'ம்' திறக்கும்போது அதைத் தனி எழுத்தாகக் காட்டாமல், விரலை 'க' வுக்கும் 'ம்' முக்கும் அடியில் சேர்த்து இழுத்து 'கம்', பின் 'கடகம்'. எந்த நிலையிலும் பிள்ளை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு துண்டு, அதோடு ஒட்டுவது இன்னொன்று. மெய்யெழுத்து எப்போதும் முன்னெழுத்தின் வாலாகத்தான் வர வேண்டும்.

இடையில் மூச்சை விடாமல் இழுத்துச் சேர்ப்பதா, துண்டு துண்டாகச் சொல்லிப் பிறகு சேர்ப்பதா என்பதை அமெரிக்காவில் கோன்சாலஸ்-ஃப்ரேயும் லினியா ஈரியும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021 இல் வந்த அவர்களது ஆய்வில், இடைவெளியின்றி இழுத்துச் சேர்க்கப் பழகிய பிள்ளைகள் புதிய சொற்களை நன்றாக வாசித்தார்கள். தமிழில் இதைச் செய்ய நமக்கு ஒரு வழிகாட்டி ஏற்கெனவே இருக்கிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் மூவினப் பாகுபாடுதான் அது. மெல்லினமும் இடையினமும் பெரும்பாலும் இழுத்துப் பிடிக்கக்கூடிய ஒலிகள். 'ம்ம்ம்' என்றும் 'ல்ல்ல்' என்றும் மூச்சு உள்ளவரை சொல்லலாம். வல்லினத்தை அப்படிப் பிடிக்க முடியாது. 'ட்' டை இழுக்கப் பார்த்தால் 'ட்டு' என்று உகரம் வந்து விழும். எனவே புள்ளியெழுத்தை ம், ல், ர், ன், ள் என்பவற்றில் தொடங்குவது நல்லது: மரம், கடல், பார், நான், அவள். அவை கைவந்த பிறகு ட்ட, ப்ப, த்த. அங்கே இழுக்காமல் நிறுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். 'பட்' என்று சொல்லி வாயை அப்படியே அடைத்து வைத்திருந்து, பிறகு 'டம்' என்று விட வேண்டும். அந்த அடைப்புத்தான் புள்ளி. அதைத் தவறவிட்ட பிள்ளை பட்டத்தைப் படமாக வாசிக்கும்.

சேர்ப்பைக் காட்டிக்கொடுத்தால் போதாது, பழகுவதற்கு வாசிப்புப் பொருள் வேண்டும். பிள்ளை இதுவரை கற்ற எழுத்துகளை மட்டுமே கொண்டு அமைந்த வாக்கியங்கள்தான் அதற்கு ஏற்றவை. கேட்கச் சின்ன விஷயம்போலத் தெரியும். எழுதிப் பார்த்தால்தான் அருமை புரியும்.

வழக்கமான அரிச்சுவடியில் ஆனாவுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு ஆட்டின் படம், அதன் கீழே 'ஆடு'. பிள்ளை படத்தைப் பார்த்து ஆடு என்கிறது. 'டு' என்ற எழுத்தை அது இன்னும் பார்த்ததே இல்லை. நாமும் மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். உரலும் ஊஞ்சலும் ஏணியும் இப்படியே போகின்றன. எழுத்தைப் பார்த்தால் சொல் வரும் என்பதற்குப் பதில், படத்தைப் பார்த்தால் சொல் வரும் என்று அந்தப் பக்கங்கள் பழக்கிவிடுகின்றன. படம் எழுத்தை அறிமுகப்படுத்த நல்லது, வாசிப்புக்குச் சாட்சியாகாது.

ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உயிரில் அ, ஆ. உயிர்மெய்யில் க, ட, த, ந, ப, ம, ர, ல, வ, ள, ழ, ன என்று பன்னிரண்டு. அரவு ஒன்று, புள்ளி ஒன்று. எல்லாமாக 16 உருப்படிகள். இவற்றைக் கொண்டு இறுப்பிட்டிப் பிள்ளையின் உலகத்தில் எவ்வளவு தூரம் போகலாம்? ஆச்சரியமாக, நெடுந்தூரம் போகலாம். கடல், வள்ளம், கடகம், ஆலமரம், பட்டம், பனம்பழம். ஆறெழுத்துப் பனம்பழத்தில் ஒரு குறிகூட இல்லை. முழுவதும் அகரமும் புள்ளியும்தான். நீளத்தைப் பார்த்து இது கடினச் சொல் என்று ஒதுக்கினால் ஏமாந்துபோவோம். மூன்றெழுத்துக் குதிரைக்கு மூன்று வேறு குறிகள் வேண்டும். நெடுந்தீவில் குதிரைகள் கூட்டங்கூட்டமாக மேய்ந்தாலும், இந்தக் கரையில் யாரும் கண்டிராத ஒட்டகத்தைத்தான், 'ஒ' என்ற ஓர் எழுத்தைக் கூட்டியதுமே, பிள்ளை முதலில் வாசிக்கும்.

சொற்கள் கிடைத்துவிட்டன, வாக்கியம் வேண்டும். இங்கே வினைச்சொல் வந்து வழிமறிக்கிறது. தமிழ் வினைகள் பெரும்பாலும் உகரத்தில் வந்து நிற்கும்: ஓடு, பாடு, வந்தது, இருக்கிறது. உகரம் இன்னும் கற்கவில்லை. கிடைப்பவை வா, தா, பார் என்ற ஏவல்கள். உடனே "மாமா, வா" என்று எழுதத் தோன்றும். எழுத்துக் கணக்குச் சரி, ஊர்க் கணக்குப் பிழை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மாமாவை "வாங்கோ" என்றுதான் கூப்பிடும். "மாமா, வா" என்று வாசிக்கும்போது வகுப்பில் சிரிப்பு எழும், அல்லது பிள்ளை தான் பிழையாக வாசித்துவிட்டதாக நினைத்துத் திருத்தும். சரியாக வாசித்ததைப் பிழையென்று நினைக்க வைக்கும் வாக்கியம் பயிற்சிக்கு உதவாது. ஆகவே கூப்பிடப்படுகிறவர் இன்னொரு சிறுபிள்ளையாக இருக்க வேண்டும்; அதன் பெயரும் இதே எழுத்துகளில் அமைய வேண்டும். கமலா என்று வைத்துக்கொள்ளலாம்.

கமலா, வா.
கடல் பார்.
அப்பா வந்தார்.
அப்பா பனம்பழம் தந்தார்.
கமலா, கடகம் தா.

இலக்கியம் அல்ல. ஆனால் ஐந்து வரியும் பிள்ளை வேறெவர் உதவியும் இன்றி எழுத்தைப் பார்த்தே வாசிக்கக்கூடியவை, சேர்ந்து ஒரு சின்ன நிகழ்ச்சியும் ஆகின்றன. 'வந்தார்' என்பது பேச்சில் 'வந்தவர்' என்று வருவதால் சில பிள்ளைகள் அப்படியே வாசிக்கும். எழுத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். 'ந்தா' வின் கீழ் விரலை வைத்து அந்தத் துண்டை மட்டும் மறுபடி சேர்க்கச் சொன்னால் போதும். ஒரு எழுத்தைக் கற்றதும் அதைக் கொண்டு இரண்டு மூன்று வாக்கியம் எழுதிக்கொள்வது ஆசிரியருக்கு ஓர் இரவு வேலை. எழுதி முடித்தபின் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கற்ற பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கவனமாக எழுதினாலும் எங்கோ ஒரு 'து' அல்லது 'லை' ஒளிந்திருக்கும்.

கடகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் இருமுறை வரும் 'க' வின் ஒலி ஒன்றல்ல. முதலில் நிற்பது வல்லொலி. நடுவில் நிற்பது பேச்சில் மெலிந்து கிட்டத்தட்ட 'ஹ' போல ஒலிக்கிறது. பக்கம், பங்கு, பகல் என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒரே எழுத்துக்கு மூன்று ஒலி கேட்கும். நமக்குப் பழகிவிட்டதால் காதில் விழுவதில்லை. எழுத்தெழுத்தாகச் சேர்க்கும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது இரண்டு வல்லொலி உள்ள ஒரு விசித்திரச் சொல். அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கும். பிறகு "ஓ, கடகம்!" என்று முகம் மலரும். அந்த ஒரு கணத்தில் நடப்பது முக்கியமானது: எழுத்து தந்த ஏறக்குறைய ஒலியைத் தன் காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு பொருத்திப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. முதலில், இடையில், மெல்லினத்துக்குப் பின் என்று விதி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் திருத்தத்துக்கு நேரம் கொடுத்தால் போதும். ஆனால் பிள்ளை ஒருபோதும் கேட்டிராத சொல்லாக இருந்தால் திருத்த எதுவும் இல்லை. ஆகவே தொடக்க வாக்கியங்களில் வீட்டில் புழங்கும் சொற்களே இருக்க வேண்டும். நூல் வழக்குச் சொல் தவிர்க்க முடியாவிட்டால் வாசிப்புக்கு முன் ஒருதரம் வாயால் சொல்லி, பொருளையும் காட்டிவிட வேண்டும்.

குறிகளில் அரவு எளிது. எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, ஒலியும் பின்னால் வருகிறது. கொம்புகள்தான் குறும்பு செய்பவை. 'பனை' என்ற சொல்லை இடமிருந்து வலமாக ஒரு கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்: ப, அடுத்து ஐகாரக் கொம்பு, அதற்குப் பின்தான் ன. வாயில் வரும் ஒழுங்கோ வேறு. இடமிருந்து வலமாகச் சேர்க்க நன்றாகப் பழகிய பிள்ளை, நாம் சொன்னதை அப்படியே செய்து, கொம்பை முன்னெழுத்தோடு ஒட்டி 'பைன' என்று வாசிக்கும். பழைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை என்ற நான்கும் எழுத்தின் தலையில் வளைந்த ஒரே கோடாக அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டில் 1978 இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அந்த வடிவம் கைவிடப்பட்டு மற்றவற்றோடு ஒரேசீராயிற்று. மனப்பாடச் சுமை குறைந்தது. கண் பின்னோக்கித் தாவ வேண்டிய சொற்கள் கூடின. இதற்கு வழி, கொம்பையும் எழுத்தையும் பிரித்துக் காட்டாமல் ஒரே மட்டையில் ஒரே உருவாக அறிமுகப்படுத்துவதுதான். வாக்கியத்தில் வரும்போது ஒரு மாதமளவுக்கு அந்த இரண்டின் கீழும் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டுக்கொடுக்கலாம். ஒகர ஓகாரங்களில் கொம்பு முன்னும் அரவு பின்னுமாக எழுத்தை இரு பக்கமும் பிடித்துக்கொள்வதால், அவற்றைக் கடைசியில் வைப்பது நல்லது.

உகரம் வேறு வகைத் தொல்லை. கு, சு, து, பு, மு, ரு என்று ஒவ்வொன்றும் தனித்தனி உருவம் எடுக்கிறது. குறியைக் கற்றால் எல்லாவற்றிலும் ஒட்டலாம் என்ற விதி செல்லாது. அதைக் கடைசிக்குத் தள்ளவும் முடியாது, உகரம் இல்லாமல் இயல்பான தமிழ் வாக்கியம் அமைவது அரிது. அரவும் புள்ளியும் ஊன்றியதும் து, டு, கு, று என்ற நான்கை மட்டும் முழு உருவமாகக் கற்பித்துவிட்டால் வந்தது, ஆடு, நாக்கு, ஆறு எல்லாம் கைக்குள் வந்துவிடும். மற்ற உகரங்கள் ஆறுதலாக வரட்டும்.

பிள்ளை உண்மையில் சேர்த்துத்தான் வாசிக்கிறதா, அல்லது பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறதா? பல தடவை வாசித்த பாடத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிறு பிள்ளைகளின் செவி நினைவு அபாரமானது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் அட்சரம் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். சோதனை என்று ஒன்று வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

உலகில் புழங்கும் சோதனைகள் சில மிக எளியவை. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில், வீட்டு வாசலில் வைத்தே ஒரு தாளைக் கொடுத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறார்கள். ஐந்து எழுத்தில் நான்கு சரியானால் எழுத்து நிலை. ஐந்து சொல்லில் நான்கு சரியானால் சொல் நிலை. அதற்குமேல் பத்தி, கதை. தமிழிலும் அந்தத் தாள் உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் 40 சொற்களைக் கொடுக்கிறார்கள். அதில் 20 பொருளே இல்லாத போலிச் சொற்கள். ஒவ்வொரு போலிச் சொல்லுக்கும் பக்கத்தில் கற்பனை உயிரி ஒன்றின் படம் இருக்கும், அதன் பெயர்தான் இது என்று பிள்ளைக்குச் சொல்லப்படும். போலிச் சொல்லை நினைவிலிருந்து எடுக்க முடியாது, எழுத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். இந்தத் தந்திரம் நமக்கும் உதவும்.

வகுப்பறைக்கு இவ்வளவும் வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருதரம், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். கற்ற எழுத்துகளில் அமைந்த, ஆனால் வகுப்பில் இதுவரை எழுதாத ஆறு சொற்கள். இரண்டு போலிச் சொற்கள். ஒரு புதிய வாக்கியம். படம் கூடாது. தீவகத்தின் சிறிய பாடசாலைகளில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு, பல இடங்களில் இரண்டு தரங்கள் ஒரே அறையில் இருக்கும். அதைக் குறையாகவே பேசுகிறோம். இந்தச் சோதனைக்கு மட்டும் அது வசதி, முழு வகுப்பையும் ஒரு காலைப் பொழுதில் கேட்டுவிடலாம்.

சரி, பிழை என்று மட்டும் குறித்தால் பாதி வீண். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணமாக மேற்சொன்ன 16 உருப்படிகளைக் கற்ற ஒரு பிள்ளைக்கு இந்த ஆறு சொற்களைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்: மலர், பாலம், கட்டம், பல், தகரம், பள்ளம். போலிச் சொல் 'நமல்', 'வட்டாள்'. பிள்ளை மலர், பாலம், பல், தகரம் நான்கையும் சரியாகச் சொல்கிறது. கட்டம் 'கடம்' ஆகிறது, பள்ளம் 'பளம்' ஆகிறது. 'நமல்' சரி. 'வட்டாள்' என்பதை 'வடாள்' என்கிறது. எட்டில் ஐந்து என்று எழுதிவைத்தால் ஒன்றும் தெரியாது. சொன்னதைப் பார்த்தாலோ பிழை மூன்றும் ஒரே இடத்தில். ஈற்றுப் புள்ளி அதற்குக் கைவந்துவிட்டது, அரவும் வந்துவிட்டது. இரட்டித்து வரும் நடுப்புள்ளிதான் காதில் ஏறவில்லை. அடுத்த இரண்டு கிழமைக்கு அந்தப் பிள்ளைக்கு வேண்டியது படம், பட்டம்; வளம், வள்ளம் என்ற சோடிகளும், வாயை அடைத்து நிறுத்தும் பயிற்சியும் மட்டுமே. அரிச்சுவடிக்குத் திரும்பத் தேவையில்லை.

இன்னொரு பிள்ளை பாலத்தைப் 'பலம்' என்றும், பல்லைப் 'பால்' என்றும் சொன்னால் அது குறில் நெடில் குழப்பம். கல், கால், பல், பால், மனம், மானம் என்ற சோடிகள் அதற்கு மருந்து. எழுத்துகளைத் தனித்தனியே சொல்லிவிட்டு நின்றுவிடும் பிள்ளைக்கு மட்டைகளைத் திறந்து சேர்க்கும் பயிற்சியே இன்னும் வேண்டும். முதலெழுத்தைப் பார்த்தவுடன் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிடும் பிள்ளைக்குப் படமுள்ள பக்கங்களைச் சிலநாள் மறைத்து வைக்க வேண்டும்.

போலிச் சொற்களில் ஓர் எச்சரிக்கை. நன்றாக வாசிக்கும் பிள்ளையே சிலவேளை அதில் தவறும். 'நமல்' என்று எழுதினால் 'நாமல்' என்று தெரிந்த பெயராக்கிவிடும். அது பொருள் தேடும் பழக்கத்தால் வருவது, அதைச் சேர்ப்புக் குறைபாடாக எண்ணக்கூடாது. மற்ற ஆறும் எப்படி வந்தன என்பதோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். போலிச் சொற்களைத் தினமும் வகுப்பில் பழக்குவதும் வேண்டாம். பழக்கினால் அது இன்னொரு மனப்பாடமாகிவிடும், சோதனைக்கும் பயன்படாமல் போகும்.

வாக்கியத்தை வாசித்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "அப்பா பனம்பழம் தந்தார்" என்பதை வாசித்த பிள்ளையிடம் "என்ன தந்தவர்?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். சொற்களைச் சரியாகச் சேர்த்தும் பதில் வராவிட்டால், சேர்ப்பதிலேயே முழுக் கவனமும் செலவாகிவிட்டது என்று பொருள். அதே வாக்கியத்தை இன்னும் இரண்டு தடவை வாசிக்கவிட்டுப் பிறகு கேட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மூன்றாம் வாசிப்பிலும் வராவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு, அதே வாக்கியத்தை ஆசிரியர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போதும் பதில் இல்லையென்றால் பிரச்சினை வாசிப்பில் இல்லை, பேச்சுமொழியில் இருக்கிறது. பேசிப் பழக்குவதுதான் அங்கே முதல் வேலை.

குறிகள் எல்லாம் முடிந்து, முன்பின் பாராத பத்துச் சொல்லில் ஒன்பதை நிற்காமல் வாசிக்கும் நிலைக்கு ஒரு பிள்ளை வந்ததும், கற்ற எழுத்தை மட்டும் கொண்டு கட்டிய வாக்கியங்களை நிறுத்திவிடலாம். கமலாவின் கடகத்தோடு அதற்குமேல் பிள்ளையை வைத்திருந்தால் சலித்துப்போகும். கதைப் புத்தகங்கள் அப்போது கையில் இருக்க வேண்டும். மறுபக்கம், மூன்று சோதனை தொடர்ந்து ஒரே இடத்தில் ஒரே பிழை வந்து, பயிற்சிக்கு அசையாமல் நிற்குமானால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் காதையும் கண்ணையும் பார்ப்பது நல்லது. படத்துக்கும் பட்டத்துக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளையைத் திரும்பி நிற்கவைத்து, இரண்டு சொல்லையும் பின்னாலிருந்து சொல்லி, படமா பட்டமா என்று கையை உயர்த்தச் சொல்லலாம். காதால் பிரித்தறிந்தால் கண் புள்ளியைக் காண்கிறதா என்பது அடுத்த கேள்வி. எழுத்தின் தலையில் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி, பின்வாங்கிலிருந்து பார்க்கும் மங்கிய கண்ணுக்குக் கரும்பலகையில் தெரியவே தெரியாது. தரம் 1 பிள்ளைகளுக்குச் சுகாதாரத் திணைக்களத்தின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பெயரையும் சோதனைத் தாளையும் பரிசோதகர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவரை முன்வாங்கில் இருத்தி, புள்ளியைச் சிவப்பு வெண்கட்டியால் பெரிதாக வைத்துப் பார்க்கலாம்.